டின் எத்தனை மாதம் வருகிறது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சமையல் எண்ணெயைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் அறிவுரை, "ஒரே எண்ணெயையே ஊத்தாதீங்க, மாத்தி மாத்தி ஊத்துங்க" என்பதுதான். இரண்டு எண்ணெய்களைக் கலந்து பயன்படுத்தச் சொல்பவர்களும் உண்டு. தவறான அறிவுரை இல்லை. ஆனால் முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்கிறது. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதே பெரிய கேள்வி.

நிலக்கடலை விளையும் ஜெயங்கொண்டம் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்ததும் சொந்தக் கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டி, 15 கிலோ டின்னில் நிரப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். டின் மூன்று மாதம் வருகிறது. அப்படியானால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம். ரேஷன் பாமாயில் மாதம் ஒரு லிட்டரையும் சேர்த்தால் 49 கிராம். கடையில் வாங்கித் தின்னும் பஜ்ஜியும் பரோட்டாவும் இந்தக் கணக்கில் இல்லை. 2000 கலோரி போதுமான ஒருவருக்கு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின் மாதிரி உணவில் இருக்கும் எண்ணெய் 27 கிராம்தான்.

இந்த வீட்டுக்கு "மாத்தி ஊத்துங்க" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? கடலெண்ணெயில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் நல்லெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று வைப்போம். நிறைவுற்ற கொழுப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் ஒரு கிராம் குறையும். கலோரி துளியும் குறையாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. எண்ணெயை மாற்றாமல், அதே டின்னை நான்கு மாதத்துக்கு வரும்படி ஊற்றினால் ஆளுக்குப் பத்து கிராம் எண்ணெயும், 90-க்கு மேல் கலோரியும் தினமும் குறையும்.

மாற்றுவதால் கிடைக்கும் பயன் எந்த எண்ணெயிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. முழுக்க முழுக்கப் பாமாயிலில் சமைக்கும் வீடு பாதியைக் கடலெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றினால் நல்ல பலன் உண்டு. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆனால் கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றையும் சுற்றிச் சுற்றி வாங்கும் வீட்டுக்கு ஒமேகா-3 கொழுப்பு கிடைக்காது. மூன்றிலுமே அது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அது கடுகெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் இருக்கிறது; நம் பக்கம் கடுகெண்ணெயில் சமைப்பவர்கள் அரிது. வாரத்தில் ஓரிரு நாள் மத்தி மீன், அன்றாடம் கீரை என்று சாப்பிட்டாலே அந்தக் குறை பெரிதும் தீரும். அதற்காக இன்னொரு பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

மரச்செக்கு எண்ணெயைப் பற்றிய நம்பிக்கையையும் இங்கே பேசியாக வேண்டும். "நம்ம செக்குல ஆட்டுனது, எவ்வளவு ஊத்துனாலும் ஒண்ணும் பண்ணாது" என்பது ஊர்ப் பேச்சு. சொந்தக் கடலையின் மணமும் கலப்படமில்லை என்ற நிம்மதியும் மதிக்கத்தக்கவை. ஆனால் செக்கில் ஆட்டியதால் கலோரி குறைந்துவிடாது. பாக்கெட் வாங்கும் வீட்டுக்காவது மாதச் செலவு ஒரு கணக்கைக் காட்டும். டின் இருக்கும் வீட்டில் கரண்டி தாராளமாகிறது. எவ்வளவு போனது என்று டின் காலியாகும் நாளில்தான் தெரிகிறது. டின் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தால் போதும். 27 கிராம் கணக்கில், வேறு எண்ணெய் வாங்காத நால்வர் வீட்டுக்கு 15 கிலோ டின் நான்கரை மாதம் வரும்.

எல்லோரையும் ஒரே அளவுக்குள் அடைப்பது நியாயமில்லை. பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் அறுக்கவும் பகல் முழுக்க வெயிலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்குத் தேவை அதிகம். பல ஏழை வீடுகளில் எண்ணெய் இப்போதே குறைவாகத்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் "எண்ணெயைக் குறை" என்பது அநீதி. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் அவர்களுக்கு உதவி. குறைக்க வேண்டியவர்கள் கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் என்று மருந்துச் சீட்டோடு நிற்பவர்கள்.

அவர்களைத் தேடி வீட்டுக்கே செல்லும் திட்டம் நம்மிடம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், டின் என்றால் எத்தனை மாதம் வருகிறது. ஆளுக்கு எத்தனை கிராம் என்பதை அங்கேயே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். எந்த எண்ணெயை மாற்றலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம். இரு மாவட்டச் சுகாதாரத் துறையினரும் இதைத் தொடங்க அடுத்த கடலை அறுவடை வரை காத்திருக்கத் தேவையில்லை.