தலை நின்றுவிட்டது, சடை நிற்கவில்லை! கார்ட்டூன் முடிக்கு உயிர் வருவது எப்படி?

ஓடிவந்த சிறுமி சட்டென்று நிற்கிறாள். உடம்பு நின்றுவிடும். சடை நிற்குமா? முன்னால் ஒரு வீச்சு, பின்னால் ஒரு வீச்சு என்று ஆடி, அதன் பிறகுதான் அடங்கும். பாவாடையும் அப்படித்தான். அனிமேஷன் படத்தில் இந்த ஆட்டம் இல்லாவிட்டால், என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் 'ஏதோ பொம்மை மாதிரி இருக்கே' என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

உடம்பின் அசைவால் முடி, துணி, வால் ஆகியவற்றுக்கு வரும் இந்த அசைவைத்தான் அனிமேட்டர்கள் 'செகண்டரி மோஷன்' என்கிறார்கள். 'செகண்டரி ஆக்‌ஷன்' என்பது வேறு. நடந்துகொண்டே விசில் அடிப்பது போல, பாத்திரம் தானாகச் செய்யும் துணைச் செயல் அது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சடை ஆடும் கணக்கு

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். கம்ப்யூட்டரில் ஒரு சடைக்குள் நான்கு எலும்புகள் வரிசையாக வைத்திருப்பதாகக் கொள்வோம். சிறுமி 1-ஆம் ஃப்ரேமில் தலையைத் திருப்பத் தொடங்கி, 9-ல் நிறுத்துகிறாள்.

முதல் எலும்பு இரண்டு ஃப்ரேம் தாமதமாக, 3-ல் கிளம்புகிறது. அடுத்தது 5-ல், அதற்கடுத்தது 7-ல். நுனி கிளம்புவது 9-ல், அதாவது தலை நின்றுவிட்ட அந்த நேரத்தில்! மேலே இருப்பது இழுக்க, கீழே இருப்பது பின்தங்கி வருகிறது. அதனால்தான் சடை வளைந்து தெரிகிறது.

தலை நின்ற பிறகு சடை தன் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். முதல் வீச்சு 30 டிகிரி என்றால், எதிர்ப்பக்கம் 15, அடுத்து 7 என்று குறைந்துகொண்டே வரும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வீச்சு குறையக் குறைய நேரத்தையும் குறைத்துவிடுகிறார்கள். சடை ஆடுவதற்குப் பதிலாக நடுங்குகிறது. ஊஞ்சலைக் கவனித்துப் பாருங்கள். வீச்சு சிறிதானாலும் ஒருமுறை போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

அந்த நேரத்தை முடிவு செய்வது நீளம். நூலில் கட்டிய கல் 25 சென்டிமீட்டர் கீழே தொங்கினால், ஒருமுறை போய்வர ஒரு நொடி ஆகும். ஒரு மீட்டர் என்றால் இரண்டு நொடி. எனவே குட்டைச் சடை வெடுக்கென்று ஆடும், நீளச் சடை நிதானமாக ஆடும். ராட்சதனின் தாடி சிறுமியின் சடை வேகத்தில் ஆடினால், அவன் ராட்சதனாகவே தெரியமாட்டான்.

மெரிடாவின் சிக்கல்

எல்லா முடியையும் இப்படிக் கையால் அசைக்க முடியாது. பிக்சாரின் 2012 படமான 'பிரேவ்' நாயகி மெரிடாவுக்குத் தலை நிறைய சிவப்புச் சுருள் முடி. அங்கே இயற்பியல் கணக்கைக் கம்ப்யூட்டரே போட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். சுருளை விறைப்பாக வைத்தால் கம்பிபோல அசையாமல் நிற்கிறது. தளர்வாக வைத்தால், அவள் ஓடும்போது சுருள் நீண்டு நேர்முடியாகிவிடுகிறது.

இதற்காகவே பிக்சார் குழு 'டாஸ்' என்ற மென்பொருளை உருவாக்கியது. ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு மென்மையான கற்பனைக் கோடு. அந்தக் கோட்டின் நீளத்தை ஒரு ஸ்பிரிங் கட்டுப்படுத்தும். சுருளின் வளைவைப் பார்த்துக்கொள்வது வேறொரு ஸ்பிரிங். முதலாவது, சுருள் நீண்டுபோகாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டாவதை விறைப்பாக்காமல் மென்மையாகவே விட முடிந்தது. சுருளும் கலையவில்லை, துள்ளலும் போகவில்லை.

வால் மட்டும் வேறு

சடைக்குத் தசை கிடையாது, பூனை வாலுக்கு உண்டு. ஓடும்போது வால் உடம்பைப் பின்தொடரும். உட்கார்ந்திருக்கும்போது, எரிச்சலில் நுனியை மட்டும் தானே சுண்டும். முழுவதையும் கம்ப்யூட்டர் கணக்குக்கு விட்டுவிட்டால், அது வாலாக இருக்காது, கட்டிவிட்ட கயிறாகிவிடும். ஆகவே பூனையின் மனநிலையை அனிமேட்டர் கையால் போட வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உடம்பை மறைத்துவிட்டு, நுனி போகும் பாதையை மட்டும் பாருங்கள். வழுக்கிச் செல்லும் வளைகோடாக இருந்தால் சரி. நடுவில் முனை முறிந்தால், அந்த ஃப்ரேமில்தான் தவறு. எல்லா எலும்பும் ஒன்றாகத் திரும்பினால் சடை குச்சியாகத் தெரியும். தாமதம் அளவுக்கு மீறினால் பாம்பாகிவிடும். அப்போது பார்ப்பவர் கண் சிறுமியின் முகத்தை விட்டுவிட்டுச் சடையிலேயே நின்றுவிடும்.