எஸ்க்ரோவுல பணம் நிக்குதா? கெஞ்சாதீங்க, காட்டுங்க



போன மாசம் பீளமேட்டுல இருந்து ஒரு பொண்ணு ஆபீசுக்கு வந்தாங்க. ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனர். சிங்கப்பூர் கம்பெனி ஒண்ணுக்கு மூணு கட்டமா வேலை, மொத்தம் 3,000 டாலர். பணம் முழுக்க ஒரு எஸ்க்ரோ நிறுவனத்துகிட்ட இருக்கு. முதல் கட்டத்துக்கு 900 வந்துடுச்சு. ரெண்டாவது கட்டத்துக்கு 1,200 வரணும்.

"வேலை ஓகேன்னு சொல்லிட்டாங்க சார். மூணு மெயில் போட்டுட்டேனுங்க, பதிலே இல்லீங்க"ன்னாங்க.

மெயிலை வாங்கிப் பார்த்தேன். "வாடிக்கையாளருக்கு என் வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு, மீதிப் பணத்தை தயவுசெய்து சீக்கிரம் அனுப்புங்க, அவசரத் தேவை இருக்கு." இவ்வளவுதான்.

இந்த மெயிலுக்குப் பதில் வராதது ஆச்சரியமே இல்லைங்கறது என் கருத்து. எஸ்க்ரோக்காரர் உங்க முதலாளியும் இல்லை, வாங்குறவரோட ஆளும் இல்லை. ரெண்டு பேருக்கும் பொதுவா பணத்தை வெச்சிருக்கறவர். ஒப்பந்தத்துல எழுதின நிபந்தனை நிறைவேறுச்சா இல்லையா, அது மட்டும்தான் அவரோட கேள்வி. நிறைவேறாம பணத்தை விட்டா, வாங்குறவர் அவர் மேலயே திரும்புவார். அதனால சந்தேகம் இருந்தா அவருக்குப் பாதுகாப்பான வழி, சும்மா இருக்கறதுதான்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். ஏற்புங்கறது வாங்குறவர் தரப்புல பெயர் குறிப்பிட்ட ஆள்கிட்ட இருந்து மெயில்ல வரணும், அது கிடைச்ச 5 வேலை நாளுக்குள்ள பணம் விடணும்னு 6-வது ஷரத்து சொல்லுது. இவங்ககிட்ட இருந்த ஏற்போ, வாட்ஸப்புல வந்த ஒரு கட்டைவிரல்! எஸ்க்ரோக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. "மீதிப் பணம்"னு வேற எழுதியிருக்காங்க. கையில இருக்கறது 2,100. அதுல 900 இன்னும் முடியாத மூணாவது கட்டத்துக்கு. எதைக் கேக்கறாங்கன்னு அவர் எப்படி முடிவு பண்ணுவார்?

முதல்ல வாங்குறவர்கிட்ட இருந்து ஒரு வரி மெயில் வாங்கச் சொன்னேன். அடுத்த நாளே, ஜூன் 9, வந்துடுச்சு. அதுக்கப்புறம் எழுதின மெயில் இது. அனுப்பினது ஆங்கிலத்துல, விஷயம் புரியறதுக்காகத் தமிழ்ல தர்றேன்:

"பொருள்: பணம் விடுவிப்புக் கோரிக்கை – ஒப்பந்த எண், கட்டம் 2, 1,200 டாலர்.

கட்டம் 2 ஜூன் 3 அன்று ஒப்படைக்கப்பட்டது. வாங்குபவர் ஜூன் 9 அன்று மெயிலில் ஏற்றுக்கொண்டார் (இணைப்பு 1). ஷரத்து 6-இன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. கட்டம் 2-க்கான 1,200 டாலரை மட்டும், உங்களிடம் ஏற்கெனவே பதிவான என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். கட்டம் 3-க்கான 900 உங்களிடமே இருக்கட்டும். வேறு ஆவணம் தேவைப்பட்டால் தெரிவிக்கவும். என் இன்வாய்ஸ் இணைப்பு 2. அதன் எண்ணைப் பணம் அனுப்பும் குறிப்பில் சேர்க்கவும்."

வாங்குறவரையும் சிசியில போட்டோம். அவருக்கு ஆட்சேபம் இருந்தா அப்பவே சொல்லலாம், சொல்லலைன்னா எஸ்க்ரோக்காரருக்கு தைரியம் வரும்.

ரெண்டு விஷயம் கவனிங்க. வங்கி விவரத்தை மெயில்ல புதுசா எழுதலை. மெயிலை ஹேக் பண்ணி கணக்கு எண்ணை மாத்தற மோசடி நிறைய நடக்கறதால, கணக்கு மாறுச்சுன்னா அவங்க நிறுத்தி விசாரிப்பாங்க, நாள் ஓடிடும். அப்புறம் இன்வாய்ஸ் எண். சேவை ஏற்றுமதின்னு ஜிஎஸ்டியில காட்ட, பணம் அந்நியச் செலாவணியா வந்ததுக்கு ஆதாரம் வேணும். ஆனா வங்கி தர்ற ரசீதுல அனுப்பினவர் பேரு எஸ்க்ரோ நிறுவனமா இருக்கும், இன்வாய்ஸ்ல சிங்கப்பூர் கம்பெனி இருக்கும். ரெண்டையும் இணைக்கற நூல் அந்த எண்தான். எஸ்க்ரோ ஒப்பந்தத்தையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

நாலாவது வேலை நாள்ல பணம் வந்துடுச்சு.

"வக்கீல் நோட்டீஸ் விடலாமா சார்"னு சிலர் கேக்கறீங்க. வாங்குறவரே ஆட்சேபிச்சா எந்த மெயிலும் பணத்தைக் கொண்டு வராது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், இல்லைன்னா ஒப்பந்தத்துல சொன்ன நடுவரோ கோர்ட்டோ சொல்லணும். அப்பவும் சண்டை வாங்குறவரோடதான், பணத்தை வெச்சிருக்கறவரோட இல்லை.

இன்னொண்ணு: வேலையை பிளாட்ஃபார்ம் வழியா பண்றவங்களுக்கு, ஏற்புங்கறது அந்தத் தளத்துல அமுக்கற பட்டன்தான். அப்வொர்க்ல ஃபிக்ஸட் பிரைஸ் வேலையை முறைப்படி சப்மிட் பண்ணினா, வாங்குறவர் 14 நாள் எதுவும் சொல்லலைன்னா பணம் தானா விடுபடும். சாட்ல ஃபைலை மட்டும் அனுப்பிட்டு உக்காந்தா அந்த 14 நாள் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

உங்க ஒப்பந்தத்துல ஏற்பு எப்படி வரணும்னு எழுதியிருக்கு? இன்னிக்கே எடுத்துப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.