வெயிலுக்கு ஒரு கணக்கு

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழை அடிவாரத்தில் அமைந்த ஊர் மம்சாபுரம். பங்குனி பிறந்துவிட்டால் அவ்வூரின் மொட்டைமாடிகளில் நண்பகலில் கால் வைக்க இயலாது. அத்தகைய வெயில் பள்ளிக் கட்டடத்தின் மீதும் நாள்தோறும் வீணே விழுகிறது. அதன் கீழே வகுப்பறைகளில் விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தால் மின்விசிறிகள் சுழல்கின்றன. இதைக் காணும் மாணவர்கள், மாடியில் சூரிய மின்தகடுகள் அமைக்க வேண்டுமெனப் பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுத முற்படுவது இயல்பே.

அக்கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதே கேள்வி. சூரிய ஆற்றல் தூய்மையானது என்பதை எந்த முதல்வரும் மறுக்கப்போவதில்லை. அவர் அறிய விரும்புவது வேறு: எவ்வளவு செலவாகும், அது எத்தனை ஆண்டுகளில் திரும்பக் கிடைக்கும்? கடிதத்தின் உயிர் இவ்விரண்டாம் கேள்விக்கான விடையில் இருக்கிறது. அவ்விடை இனிப்பாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதே முதன்மையானது.

ஒரே வகுத்தல்

போட்ட பணம் திரும்பி வருவதற்கு ஆகும் ஆண்டுகளை முதலீட்டு மீட்புக் காலம் என்பர். அதைக் காணும் வழி எளியது.

மீட்புக் காலம் = நிறுவும் செலவு ÷ ஓராண்டு நிகரச் சேமிப்பு

மம்சாபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி 10 கிலோவாட் திறனுள்ள தகடுகளை அமைக்க எண்ணுவதாகக் கொள்ளலாம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி தேவை. ஆகவே 1,000 சதுர அடி மாடி போதும். கிலோவாட் ஒன்றுக்கு 60,000 ரூபாய் எனக் கொண்டால் செலவு 6,00,000 ரூபாய். தமிழகத்தின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் மின்சாரம் தரும். பத்துக்கு 14,000 யூனிட். பள்ளி ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் செலுத்துவதாகக் கொண்டால் ஆண்டுச் சேமிப்பு 1,12,000 ரூபாய். ஆறு இலட்சத்தை இதனால் வகுத்தால் 5.4 ஆண்டுகள் கிடைக்கும். விலையும் கட்டணமும் இங்கு எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. கடிதம் எழுதுவோர் நிறுவனங்களின் விலைப்புள்ளியிலிருந்தும் பள்ளியின் மின்கட்டணச் சீட்டிலிருந்தும் தத்தம் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வகுத்தலில் பிழையில்லை. எனினும் இக்கணக்கு பள்ளிக்குப் பொருந்தாது. ஏனெனில், விளைந்த ஒவ்வொரு யூனிட்டையும் பள்ளியே பயன்படுத்திக்கொள்ளும் என்று அது சொல்லாமல் கொள்கிறது.

விடுமுறை அறியாத வெயில்

இராசபாளையத்தின் நூற்பாலைகளில் கதிர்கள் இரவும் பகலும் சுழல்கின்றன. ஆலையின் கூரையில் விளையும் மின்சாரம் விளைந்த கணமே செலவாகிவிடும். பள்ளியின் இயல்பு அத்தகையதன்று. ஆண்டில் ஏறத்தாழ 220 நாள்களே அது இயங்குகிறது. வெயில் மிகுந்த மே மாதத்தில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் கதிரவனுக்கு விடுமுறை இல்லை, மின்விசிறிக்கு உண்டு.

மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே மின்வாரியத்திற்குச் செல்லும். வாரியம் எந்த முறையில் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டுக்கு நேராகக் கழிப்பது ஒரு முறை. வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலையும் அனுப்பும் யூனிட்டுக்கு அதனினும் குறைந்த விலையும் இடுவது மற்றொரு முறை. வீடுகளுக்குரிய முறையே பள்ளிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியமும் குடியிருப்பு வீடுகளுக்கே உரியது. விளம்பரத்தில் கண்ட அம்மானியத்தைப் பள்ளியின் செலவிலிருந்து கழிப்பது கணக்கைத் தொடக்கத்திலேயே பொய்யாக்கிவிடும்.

இனி அதே பள்ளியின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். வகுப்பு நேரத்தில் மின்விசிறி, விளக்கு, கணினி, நீரேற்றி ஆகியவை சேர்ந்து சராசரியாக 5 கிலோவாட் இழுப்பதாகக் கொண்டால், ஏழு மணி நேரத்தில் 35 யூனிட் செலவாகும். தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 யூனிட் தரும். ஆயினும் நண்பகலில் விளைவது தேவையை மிஞ்சும். காலையிலும் மேகம் சூழ்ந்த வேளையிலும் போதாமல் போகும். ஆகவே நேரடியாகப் பயன்படுவது 28 யூனிட் எனலாம். 220 வேலை நாள்களுக்கு 6,160 யூனிட். விடுமுறை நாள்களின் சிறு செலவையும் சேர்த்தால் 6,600 யூனிட். இதன் மதிப்பு யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 52,800 ரூபாய்.

எஞ்சிய 7,400 யூனிட் வாரியத்திற்குச் செல்கிறது. அதற்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் கிடைப்பதாகக் கொண்டால் 22,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 75,000 ரூபாய். தகடுகளைக் கழுவவும் பழுது பார்க்கவும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஒதுக்கினால் நிகரச் சேமிப்பு 69,000 ரூபாய். இப்போது மீட்புக் காலம் 8.7 ஆண்டுகள்.

வெயிலும் தகடும் விலையும் மாறவில்லை. பள்ளியின் நாட்காட்டியைக் கணக்கில் சேர்த்ததும் ஐந்தரை ஆண்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டாகிவிட்டது.

தகட்டின் அளவைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? 5 கிலோவாட் தகடு தரும் 7,000 யூனிட்டில் ஏறத்தாழ 4,000 யூனிட் பள்ளியிலேயே செலவாகும். அதே விலைகளைக் கொண்டு பராமரிப்புக்கு 3,000 ரூபாய் கழித்தால் நிகரச் சேமிப்பு 38,000 ரூபாய். முதலீடு 3,00,000 ரூபாய். மீட்புக் காலம் 7.9 ஆண்டுகள். மின்கட்டணச் சீட்டு முழுவதையும் துடைத்துவிட வேண்டும் என்னும் ஆசையைவிட, பகல் நேரத் தேவைக்கு ஏற்ப அளவிடுவதே பள்ளிக்கு உகந்தது.

எண்ணின் பின்னால் இருப்பவை

நீண்ட காலத்தைக் கூறினால் முதல்வர் மறுத்துவிடுவார் என்ற அச்சம் மாணவர்க்கு எழக்கூடும். அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லை. நல்ல தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கும். ஒன்பதாம் ஆண்டில் பணம் மீண்டாலும் பதினாறு ஆண்டு விளைச்சல் எஞ்சுகிறது. இடையில், தகட்டின் நேர் மின்னோட்டத்தை வீட்டு மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற நேரிடும். அதையும் கடிதம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, மின்தடை ஏற்பட்டவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது நீக்கும் தொழிலாளர் மீது மின்சாரம் பாயாதிருக்கச் செய்யப்பட்ட பாதுகாப்பு அது. ஆகவே, மின்வெட்டுத் தொல்லை தீரும் என்று எழுதும் கடிதம், முதல் மின்வெட்டிலேயே பொய்த்துப்போகும்.

நிழலும் கணக்கைக் கெடுக்கும். தகடுகள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்படுவதால், குடிநீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மீது விழுந்தாலும் அத்தொடரின் விளைச்சலே குறையக்கூடும். மாடியில் காலை 9, நண்பகல் 12, மாலை 3 ஆகிய வேளைகளில் நிழல் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டால் தகடு வைக்கத்தக்க இடம் தெரிந்துவிடும். கதிரவனின் பாதை மாறுவதால் மார்கழியிலும் ஒரு முறை இதைச் செய்தல் நன்று. அமைத்த பின்னர் வாரந்தோறும் இன்வெர்ட்டர் காட்டும் அளவைக் குறித்துவந்தால், மேகமில்லாத வாரத்திலும் விளைச்சல் சரிவதைக் கண்டு, தூசியோ பறவை எச்சமோ படிந்திருப்பதை உணரலாம்.

ஓர் ஊராட்சியின் முன்மாதிரி

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் வாங்கியது. ஒரு பகுதி ஊராட்சியின் சேமிப்பு. மறுபகுதி வங்கிக் கடன். காற்று ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே வலுத்து வீசும். கடன் தவணையோ அதற்காகக் காத்திராது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியது வாரியத்திற்கு விற்கப்பட்டது, கடனும் அடைக்கப்பட்டது. விளையும் காலமும் செலவாகும் காலமும் வேறு வேறு என்பதை அறிந்து திட்டமிட்டால் ஒரு சிற்றூராலும் இது இயலும் என்பதற்கு அது சான்று.

கடிதம் அமைய வேண்டிய விதம்

மேற்கண்டவற்றை உள்ளடக்கிய கடிதத்தின் உடற்பகுதி இவ்வாறு அமையலாம்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நம் பள்ளி மாடியில் 5 கிலோவாட் சூரிய மின்தகடுகள் அமைப்பதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறோம். ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் தொகுத்தோம். ஒரு வேலை வாரம் முழுவதும், ஒரு ஞாயிறன்றும் காலையிலும் மாலையிலும் மின்னளவியைக் குறித்தோம். அவற்றின்படி மதிப்பிடும் செலவு 3,00,000 ரூபாய். பராமரிப்பு போக ஆண்டுச் சேமிப்பு 38,000 ரூபாய். முதலீடு மீளும் காலம் ஏறத்தாழ 8 ஆண்டுகள். வாரியத்திற்கு அனுப்பும் மின்சாரத்திற்கு எதுவும் கிடைக்காவிடில் இது 10 ஆண்டுகளைத் தாண்டும். மின்தடையின்போது இவ்வமைப்பு இயங்காது. வாரந்தோறும் விளைச்சலைக் குறித்துப் பலகையில் எழுதும் பொறுப்பை மாணவர்களாகிய நாங்கள் ஏற்கிறோம். பள்ளிக்குரிய கட்டண முறையை மின்வாரிய அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளத் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம்.

இக்கடிதத்தில் அலங்காரம் இல்லை. தனக்கு எதிரான எண்ணையும் அது தானே எடுத்து வைக்கிறது. முதல்வர் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கும்போது எழக்கூடிய கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கிறது. ஐந்தாண்டு என நம்பவைத்து ஒன்பதாண்டு ஆகிவிட்டால், அடுத்து வரும் மாணவர்கள் எழுதும் கடிதத்தையும் எவரும் நம்பமாட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. மாடியில் விழும் வெயிலுக்கும் அது பொருந்தும்.