துண்டுப்பிரசுரம் யாரை அழைக்கிறது?

"குஷ்டரோகிகள் எனச் சந்தேகிக்கப்படுவோர் தாமதமின்றி வைத்தியசாலையில் ஆஜராக வேண்டும்."

எங்கள் ஊரில் பல வருடங்களாகக் கைமாறி வந்த ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தின் நடுவில் இந்த வசனம் இருந்தது. அதை மீண்டும் அச்சிட விரும்பிய ஊர்க் குழுவினர், உயர்தரத்தில் தமிழ் படிக்கும் எங்கள் மூவரிடமும் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இலக்கணமும் சுத்தம். ஆனாலும் இந்த வசனம் அச்சேறக் கூடாது என்பது என் கருத்து. மரியாதைக் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எந்த வேலைக்காக இந்த வசனம் எழுதப்பட்டதோ அந்த வேலையை இது செய்யாது என்பதுதான்.

அந்த வேலை என்ன என்பதை அறிய நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தொழுநோய் ஒரு வகைப் பற்றீரியாவால் வருகிறது. நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 இல் அதைக் கண்டறிந்தார். சிகிச்சை பெறாத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது மூச்சுக்காற்றின் வழியே தொற்றக்கூடும். ஆனால் பெரும்பாலானோரின் உடம்பு அதைத் தானாகவே எதிர்த்துவிடும். தொற்றினாலும் அடையாளம் வெளித்தெரியச் சில ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட. முதலில் தோன்றுவது பெரும்பாலும் தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஓர் இடம். அது அரிக்காது, வலிக்காது. தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இந்த நிலையில் காட்டினால் 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை எடுத்துப் பூரணமாகக் குணமாகலாம். நம் நாட்டில் 1983 முதல் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குப் பரவும் தன்மையும் போய்விடுகிறது. காட்டாமல் விட்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கும், பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகும். அப்படிக் கெட்டுப்போன நரம்பை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

ஆகவே பிரசுரத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். வலியும் அரிப்பும் இல்லாததால் யாரும் பொருட்படுத்தாத ஓர் அடையாளத்தை, அது உள்ளவரே கவனித்து, தன் காலால் நடந்து போய் டொக்டரிடம் காட்டச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வீடு போய் ஒவ்வொருவரின் முதுகையும் பார்க்க எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராலும் முடியாது.

இப்போது அந்த வசனத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "குஷ்டரோகி" என்ற சொல் ஒருவருக்கு இருக்கும் நோயைச் சொல்லவில்லை, ஆளையே நோயாக்குகிறது. காய்ச்சல் வந்தவரைக் காய்ச்சல்காரர் என்று ஊர் ஆயுள் முழுக்க அழைப்பதில்லை. இந்தச் சொல்லோ குணமான பிறகும் ஆளை விடாது. அவருடைய பிள்ளைகளையும் விடாது. "சந்தேகிக்கப்படுவோர்" என்று படித்ததும் பத்திரிகையில் வரும் 'சந்தேகநபர்' நினைவுக்கு வருகிறார். மருத்துவத்தில் நோயைத்தான் சந்தேகிக்கிறார்கள், ஆளை அல்ல. "ஆஜராக வேண்டும்" என்பது நீதிமன்றச் சொல். மூன்றும் சேரும்போது கூண்டு ஒன்றுதான் பாக்கி.

நம் நாட்டில் இந்த ஒலி தற்செயலாக வந்ததல்ல. ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்தில், 1708 இல், தொழுநோய்க்கென ஒரு மனை கட்டப்பட்டது. 1901 இல் ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டம் இந்நோய் உள்ளவர்களைப் பிடித்து ஒதுக்கி வைக்க வழி செய்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவு, அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் இடமாக இருந்தது. மருந்து இல்லாத காலத்தின் ஏற்பாடு அது. மருந்து வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பிரசுரத்தின் தமிழ் மட்டும் இன்னும் படகில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் மூவரும் பேசி வாதிட்டதைவிட ஒரு சிறு சோதனை அதிகம் சொல்லித் தந்தது. பழைய பிரசுரத்தை அயல் வீட்டு ராத்தா ஒருவருக்கு வாசித்துக் காட்டி, "இதைக் கேட்ட பிறகு நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "இது நமக்கில்ல மகள், அந்த வருத்தக்காரங்களுக்கு" என்றார். அந்த வசனத்தின் முழுத் தோல்வியும் இந்தப் பதிலில் இருக்கிறது. அட்டையில் இருந்த, விரல்கள் முடங்கிய கையின் படமும் அதையேதான் சொன்னது. அது கவனிக்காமல் விட்ட நோயின் கடைசி நிலை. முழங்கையில் காசளவு வெளிறிய இடம் உள்ள பிள்ளையின் உம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளைக்கு அது இல்லை" என்று நிம்மதியடைவார்.

நாங்கள் எழுதிக் கொடுத்த வசனம் இது: "உங்கள் தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஓர் இடம் இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் காட்டுங்கள்." இதில் நோயின் பெயரே இல்லை. ஆளுக்கும் பெயர் இல்லை, 'நீங்கள்' என்ற சொல் மட்டும் இருக்கிறது. 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்பது சரியான சொல்தான், ஆனால் நீளமானது என்று குழுவில் ஒருவர் குறைப்பட்டார். உண்மை. வாசிப்பவரிடம் நேராகப் பேசும்போது அதுவும் தேவைப்படுவதில்லை. மற்றவரைப் பற்றிப் பேசும் இடங்களில், அதாவது அவரோடு சேர்ந்து உண்ணலாம், அவர் பாடசாலைக்குப் போகலாம் என்று சொல்லும் இடங்களில் மட்டும் அந்த நீளத்தைப் பொறுத்துக்கொண்டோம். சிகிச்சை முடித்தவரை 'குணமடைந்தவர்' என்று எழுதினோம்.

புதிய வசனத்தை அதே ராத்தாவிடம் வாசித்தேன். "உணர்ச்சி இல்லயெண்டு எப்படிப் பார்க்கிற?" என்று கேட்டார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வது என்ற ஒரு வரி பிரசுரத்தில் சேர்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

எல்லாப் பழைய சொல்லையும் துடைத்துவிடுவதும் சரிவராது. 'தொழுநோய்' என்று மட்டும் எழுதினால் எங்கள் ஊர் மூத்தவர்கள் பலருக்கு என்னவென்று விளங்கவில்லை. ஒரு பெரியம்மா, "தொழுகைக்கும் இதுக்கும் என்ன மகள் சம்பந்தம்?" என்றே கேட்டுவிட்டார். அவர்களுக்குத் தெரிந்த பெயர் குஷ்டம். எனவே ஒரே ஓர் இடத்தில், 'முன்பு குஷ்டம் என்று அழைக்கப்பட்ட தொழுநோய்' என்று எழுதினோம். நோயின் பழைய பெயரை ஒருமுறை அடையாளத்துக்காகச் சொல்வது வேறு, ஆளை அந்தப் பெயரால் அழைப்பது வேறு. பிரேசிலில் 1995 இல் சட்டம் போட்டு, அரச ஆவணங்களில் பழைய பெயரை நீக்கி ஹான்சனின் பெயரால் இந்நோயை அழைக்கிறார்கள். நம்மூரில் 'ஹான்சன் நோய்' என்று எழுதினால் பெரும்பாலானோருக்கு அது என்னவென்றே தெரியாது.

மிகை மரியாதையும் ஓர் இடத்தில் இடறியது. 'அங்கவீனர் ஆகிவிடுவீர்கள்' என்ற பழைய வரியை 'மாற்றுத்திறனாளி ஆகிவிடுவீர்கள்' என்று திருத்தலாம் என்றாள் எங்களில் ஒருத்தி. நல்ல சொல்தான், ஆனால் எச்சரிக்கை வேண்டிய இடத்தில் அது எதையும் எச்சரிக்கவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு, 'நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கலாம்' என்று நடப்பதையே எழுதினோம். நடுநிலைச் சொல் என்றால் உண்மையைப் பஞ்சில் பொதிவது என்று நான் நினைக்கவில்லை. 'இது பாவத்தின் தண்டனை அல்ல' என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். அதை எழுதியவரின் எண்ணம் நல்லது. ஆனால் அப்படி நினைத்தே இராத பிள்ளைக்கும் அந்த எண்ணத்தை அது அறிமுகப்படுத்திவிடுகிறது. காரணம் ஒரு பற்றீரியா என்று சொன்னாலே போதும்.

தோலில் வெண்ணிறத் திட்டுகள் தோன்றும் இன்னொரு நிலையை நாம் 'வெண்குஷ்டம்' என்கிறோமே, அதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தொற்றாது, உணர்ச்சியும் போகாது. பெயரால் மட்டுமே எத்தனை குமர்ப்பிள்ளைகளின் கலியாணப் பேச்சு நின்றிருக்கும்! தமிழ்நாட்டில் இப்போது 'வெண்புள்ளி' என்று எழுதுகிறார்கள். நாமும் எழுதலாம்.

சொல்லை மாற்றினால் மனம் மாறிவிடுமா, நாளைக்குப் புதிய சொல்லும் வசையாகாதா என்று குழுவில் கேட்டார்கள். ஆகலாம். 1948 இல் ஹவானாவில் கூடிய சர்வதேசத் தொழுநோய் மாநாடு ஆங்கிலத்தில் இருந்த இதே போன்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டிகள், எந்த மொழியில் இருந்தாலும் இத்தகைய சொற்களை அரச வெளியீடுகளிலிருந்து நீக்கும்படி சொல்கின்றன. அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. ஊர் வாயை ஒரு பிரசுரத்தால் திருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இலங்கையில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது, அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. மகளின் கையில் உள்ள அடையாளத்தைக் கலியாணம் முடியும்வரை மறைக்க நினைக்கும் ஒரு தாய் கையில் எடுக்கும் தாள் இது. அந்தத் தாளில் 'குஷ்டரோகி' என்று இருந்தால் அவர் இன்னும் இறுக்கி மறைப்பார், அந்தக் காலம் முழுவதும் நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

திருத்தங்களில் பெரும்பாலானவற்றைக் குழு ஏற்றுக்கொண்டது. அட்டைப்படம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பழைய படம்தான் மக்களைப் பயமுறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் என்கிறார் ஒருவர். சாதாரணக் கை ஒன்றும், அதில் காசளவு வெளிறிய ஓர் இடமும் போதும் என்பது எங்கள் பக்கம்.