வினைமுற்று வரும்வரை காத்திருப்பவர்கள்

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“📢📢📢 சென்ற கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 12/10 அன்று மாலை 7-9 விரிவுரை மண்டபத்தில் நடைபெறவுள்ள நாடகப் பட்டறைக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துக் கட்டணமும் செலுத்திவிட்டவர்கள் மீண்டும் பதியத் தேவையில்லை. மற்றவர்கள் இங்கே சொடுக்கவும். சிவப்பு நிறத்தில் உள்ளவை கட்டாயம்.”

கண்ணால் படிப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. பார்வையற்ற மாணவர் இதையே திரைவாசிப்பானில் கேட்கிறார். முதலில் ஒலிபெருக்கிப் படத்தின் பெயர் மூன்று முறை ஒலிக்கும். 7-க்கும் 9-க்கும் நடுவிலுள்ள கோட்டைப் பல குரல்கள் உச்சரிப்பதில்லை. “ஏழு ஒன்பது” என்றே காதில் விழும். 12/10 அக்டோபரா டிசம்பரா என்பது கேட்பவரின் ஊகம். சிவப்பு நிறத்தைக் குரல் பொதுவாகச் சொல்லாது.

இவையெல்லாம் எளிதில் திருந்தக்கூடியவை. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த நீண்ட வாக்கியம்தான். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, எதிர்மறையும் அதோடுதான் வருகிறது. பதிய வேண்டுமா, வேண்டாமா என்பது “தேவையில்லை” என்ற கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. கண் ஒரு நொடியில் வரியின் முடிவுக்குத் தாவிவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. கூட்டம், தேதி, மண்டபம், கட்டணம் எல்லாவற்றையும் நினைவில் சுமந்தபடி அது காத்திருக்க வேண்டும். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் “சிறிய வாக்கியம்” என்ற அறிவுரை தமிழுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துவது இதனால்தான்.

“இங்கே” என்ற இணைப்பும் கவனிக்க வேண்டியது. என்விடிஏ திரைவாசிப்பானில் Insert+F7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகளைத் தனியே பட்டியலாகப் பார்க்கலாம். நான்கு “இங்கே” வரிசையாக நின்றால் எது படிவம் என்று யாருக்குத் தெரியும்?

நான் அதை இப்படி மாற்றுவேன்:

“நாடகப் பட்டறை அக்டோபர் 12-ஆம் தேதி நடைபெறும். நேரம் மாலை 7 மணி முதல் 9 மணி வரை. இடம் விரிவுரை மண்டபம். கட்டணம் செலுத்தியவர்கள் மீண்டும் பதிய வேண்டாம். மற்றவர்கள் பட்டறைப் பதிவுப் படிவத்தை நிரப்பவும். படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் கட்டாயம்.”

“பட்டறைப் பதிவுப் படிவம்” என்ற சொற்களே இணைப்பு. சென்ற கூட்டத்தின் முடிவு யாருக்கும் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன்.

இப்படி வெட்டினால் நடை பள்ளிக் கட்டுரைபோல ஆகிவிடும் என்று சங்கத்து நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சிறுகதைக்கு அந்தக் கவலை நியாயம். பட்டறை எத்தனை மணிக்கு என்று சொல்வதற்கு நடை எதற்கு?

அனுப்புவதற்கு முன் கைப்பேசியின் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் வசதியை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரே ஒரு முறை கேளுங்கள். பிறகு நாள், நேரம், செய்ய வேண்டியது மூன்றையும் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். எல்லாக் குரல்களும் ஒன்றுபோல வாசிப்பதில்லை. “12-ஆம்” என்பதைச் சில குரல்கள் இரண்டாக உடைத்துச் சொல்லக்கூடும். அப்படிக் கேட்டால் “பன்னிரண்டாம் தேதி” என்று எழுத்திலேயே எழுதிவிடலாம்.