பேனர்ல அம்மன் முகம் வெட்டுப்படக் கூடாது, தோட்டத்துப் பேரும் வெட்டுப்படக் கூடாது

கெடாவில் நம்ம ஆலயங்கள் பல இப்போ திருவிழாவை யூடியூப்ல நேரலையா விடுறாங்க. நல்ல விஷயம். ஆனா சேனல் பேனரைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு. திருவிழா போஸ்டரை அப்படியே ஏற்றிவிடுறாங்க. கைப்பேசியில் திறந்தா அம்மன் முகமும் இல்லை, பாதமும் இல்லை, நடு உடல் மட்டும் தெரியுது. மேலே எழுதின ஆலயப் பேரையும் காணோம்.

காரணம் இதுதான். யூடியூப் கேட்கிற பேனர் 2560 பிக்சல் அகலம், 1440 உயரம். முழுப் படமும் டிவியில் மட்டும்தான் வரும். கணினியில் 423 உயரமுள்ள நடுப்பட்டை மட்டும் தெரியும், கைப்பேசியில் அதன் அகலமும் 1546 ஆகக் குறையும். அந்த நடுப்பெட்டி மட்டும்தான் எல்லாக் கருவியிலும் தெரியும். நினைவில் வைக்க ஒரு சுலப வழி: நாலு பக்கமும் 510 பிக்சல் விட்டுடுங்க, மிச்சம் இருப்பதுதான் பாதுகாப்பான இடம்.

'கீழே சேனல் பேர் வருதே' என்பாங்க. பல சேனல்களில் அது வெறும் சுருக்கெழுத்து. 'ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்' என்று மட்டும் இருந்தாலும் போதாது. கூலிம், பாடாங் செராய், பீடோங் பக்கம் அந்தப் பேரில் எத்தனை கோயில்! தோட்டத்தை விட்டு கோலாலம்பூர் போன பிள்ளை எதை வைத்துத் தன் கோயிலைக் கண்டுபிடிக்கும்? தோட்டத்துப் பேரை வைத்துத்தானே? அதனால் நடுப்பெட்டியில் இரண்டே வரி போதும். முதல் வரி ஆலயப் பேர், இரண்டாவது வரி தோட்டமும் ஊரும்.

எழுத்து அளவையும் கவனிங்க. கைப்பேசித் திரை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலம். அதில் 1546 பிக்சலும் சுருங்கினா, 60 பிக்சல் எழுத்து 3 மில்லிமீட்டர்கூட வராது. பாட்டிமார் எப்படிப் படிப்பாங்க? 100 பிக்சலுக்குக் குறையாமல் வைங்க. வரிக்கு நடுவிலும் இடம் விடணும், இல்லைன்னா மேல் வரியின் 'ரு', 'கு' வால்கள் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும்.

தலைவர் பேர், உபயக்காரர் பேர், தேதி எல்லாம் சேர்க்கணும்னு நிர்வாகத்தில் கேட்பாங்க. சேர்த்தா எழுத்து சுருங்கும். அதுக்கு வீடியோவின் கீழே விளக்கப் பகுதி இருக்கு. அம்மன் திருவுருவத்தைப் பேனரில் பெரிசா போடாதீங்க. வட்டமான சேனல் படத்தில் முகத்தை நடுவில் வைத்தா வெட்டுப்படாது. பேனர் ஓரங்களுக்குக் கோபுரம், வேப்பிலை, மஞ்சள் நிறம் போதும், வெட்டுப்பட்டாலும் குறையில்லை.

ஏற்றும்போதே யூடியூப் மூணு கட்டம் காட்டும். Viewable on all devices என்ற கட்டத்துக்குள் இரண்டு வரியும் முழுசா இருக்கா பாருங்க. பிறகு ஒரு கைப்பேசியிலும் ஒரு டிவியிலும் திறந்து பார்த்துட்டு, அப்புறம் நேரலையை அறிவிங்க.

ஓம் சக்தி.