மூடின கணக்குக்குப் போன காசு

கொழும்பில ஒரு கடையில வேலை செய்த நண்பன், வேலையை விட்டுட்டு டிக்கோயாவுக்கே வந்துட்டான். வரும்போது சம்பளம் போட்ட பேங்க் கணக்கையும் மூடிட்டான். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், அந்தக் கார்டில ஆன்லைனில வாங்கின 6,500 ரூபாய் சப்பாத்து அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்பியிருந்தான். கடையில கேட்டா "காசு அனுப்பியாச்சு". பேங்கில கேட்டா "உங்களுக்கு இங்க கணக்கே இல்லையே". ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்போ காசு எங்க?

கடை காசைத் திருப்பும்போது அது கடையின் பேங்கிலிருந்து விசா, மாஸ்டர்கார்ட் மாதிரியான வலையமைப்பு வழியா நம்ம பேங்குக்குப் போகுது. வழி காட்டுறது கார்டு நம்பர்தான். கார்டு காலாவதியானது மட்டும்தான் பிரச்சினைன்னா பயப்பட வேண்டாம். கார்டு என்பது சாவி, கணக்குதான் வீடு. புதுக் கார்டுக்கு நம்பர் மாறியிருந்தாலும், பழைய நம்பர் யாருடையதுன்னு பேங்குக்குத் தெரியும். பொதுவா காசு அதே கணக்கில விழுந்துடும்.

கணக்கே மூடியிருந்தா ரெண்டில ஒண்ணு நடக்கும். உரியவர் தெரியாத காசை வைக்கிற ஒரு உள்கணக்கில பேங்க் அதைப் போட்டு வைக்கும். இல்லாட்டி கடையின் பேங்குக்கே திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பின காசை கடையில யாராவது கவனிச்சு, இது யாருடையதுன்னு தேடினாத்தான் உண்டு. காசு தொலையல, பேர் இல்லாம நிக்குது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நம்பர் இருக்கு. ஏ.ஆர்.என். என்பாங்க, 23 இலக்கம். பணம் திருப்பினதுக்கான அந்த நம்பர் கடையின் பேங்கில இருக்கும். நண்பன் கடையிடம் அதைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டை, கணக்கு மூடின கடிதத்தோட ஹட்டன் கிளைக்குப் போனான். நம்பரைக் கொடுத்த பிறகுதான் தேடினாங்க. காசு உள்கணக்கில இருந்துச்சு. இப்போ இருக்கிற வேற பேங்க் கணக்குக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தான், வந்துடுச்சு. கடைக்கே திரும்பியிருந்தா, அதே நம்பரை வச்சுக் கடையைத்தான் பிடிச்சிருக்கணும்.

எனக்குக் கோபம் இங்கதான். அந்த நம்பரை ஏன் நாம கேட்டு வாங்கணும்? "காசு அனுப்பியாச்சு"ன்னு மெசேஜ் போடுற கடை, அதிலேயே இதையும் போடலாம். கணக்கை மூடுற பேங்க், "எங்கேயிருந்தாவது காசு திரும்பி வரணுமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டு, மாற்றுக் கணக்கு நம்பரை எழுதி வாங்கலாம். தோட்டத்தில வேலை செய்ற ஒருத்தர் ஹட்டனுக்குப் போய் வரிசையில நின்னா அன்றைய பேர் போச்சு. ரெண்டு தரம் அலைய வச்சா, சின்னத் தொகையை அவங்களே விட்டுடுவாங்க.

அதுவரைக்கும், திரும்பி வர வேண்டிய காசு கைக்கு வந்த பிறகே கணக்கை மூடுங்க. நடுவுல யாராவது போன் பண்ணி, காசு அனுப்ப ஓ.டி.பி. சொல்லுங்கன்னா, சொல்லாதீங்க. நமக்குக் காசு திருப்ப அது தேவையே இல்லை.